போல, கொஞ்சம், என்று நினைக்கிறேன்

அன்புள்ள தம்பி,

நுவரெலியா மாவட்டச் செயலகக் கூட்டத்தில் பேசுவதற்கு நீ எழுதி அனுப்பிய தாள் கிடைத்தது. நம் தேயிலைத் தோட்டத்துப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு அடி முன்னால் வைத்து இரண்டு அடி பின்னால் போயிருக்கிறாய். முதல் பத்தியை மட்டும் எடுத்து எதை வெட்டினேன், எதை விட்டேன், ஏன் என்று எழுதுகிறேன். மிச்சப் பக்கங்களை நீயே பார்த்துக்கொள்.

நீ எழுதியது இது:

"எல்லோருக்கும் வணக்கம். நான் பெரிய பேச்சாளர் இல்லை, ஏதாவது பிழையாகப் பேசினால் முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பொன்னான நேரத்தை அதிகம் எடுக்க மாட்டேன். உண்மையிலேயே சொல்லப்போனால் எங்கள் தோட்டத்துப் பாதை ஓரளவுக்கு மோசமான நிலையில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கிட்டத்தட்ட ஒரு 40 பிள்ளைகள் அளவில் தினமும் அந்தப் பாதையில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள் போல. மழைக்காலத்தில் கொஞ்சம் வழுக்கும் என்பதால் சில பிள்ளைகள் வராமலும் இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது. முடிந்தால் இதைக் கொஞ்சம் கவனத்தில் எடுத்தால் நல்லது என்பது எனது தாழ்மையான கருத்து."

மொத்தம் 59 சொல். 'பாதை' என்ற சொல் 22ஆவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய், நேரத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லியே நேரத்தையும் எடுத்துவிட்டாய். உனக்கு ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தாய். சிங்கள அதிகாரிகளுக்காக ஒருவர் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தால் உன் பங்கு இரண்டரை நிமிடம்தான். உன்னுடைய 'போல'வை அவர் விட்டுவிடவும் கூடும், "இவருக்குச் சரியாகத் தெரியாதாம்" என்று கூட்டிச் சொல்லவும் கூடும். எது நடக்கும் என்பது உன் கையில் இல்லை. ஆகவே அந்தச் சொல்லை அவர் கையில் கொடுக்காதே.

அவையடக்கம் நம் வழக்கம்தானே என்று நீ கேட்பாய். வழக்கம்தான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பன் தன்னைச் சொல்லிக்கொண்டான். அதற்குப் பின்னால் ஏறத்தாழப் பத்தாயிரம் பாட்டு வந்து அந்தப் பூனையை மறக்கடித்துவிட்டது. ஐந்து நிமிடப் பேச்சில் மறக்கடிக்க இடமில்லை. "நான் பெரிய பேச்சாளர் இல்லை" என்றால் கேட்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு பிழை தேட ஆரம்பித்துவிடுவார். இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களை முழுதாக வெட்டு. அவற்றுக்குப் பதிலாக எதையும் போடவேண்டாம். வணக்கம் சொன்னதும் பாதைக்குப் போ.

இனி முக்கியமான இடம். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் தயக்கமும் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது: 'என்று நினைக்கிறேன்', 'என்று சொல்லலாம்', 'போல', 'இருக்கலாம்', 'என்பது எனது தாழ்மையான கருத்து'. கேட்பவர் காதில் கடைசியாக விழுவது பாதை இல்லை, உன் தயக்கம். குரலும் அங்கேதான் தானாக இறங்கும். "மோசமான நிலையில் இருக்கிறது" வரைக்கும் நிமிர்ந்து நின்ற குரல், 'என்றுதான் நினைக்கிறேன்' வரும்போது வாய்க்குள் போய்விடும். போனில் பதிவு செய்து கேட்டால் தெரியும். கண்ணால் படிக்கும்போது இது பிடிபடாது, கண் அந்தச் சொற்களைத் தாண்டிப் போய்விடும். அதனால் முதலில் முழுவதையும் சத்தமாக வாசித்துப் பதிவு செய். பிறகு தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி இரண்டு சொல்லையும் பென்சிலால் வட்டம் போடு. முக்கால்வாசி வேலை அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

வட்டம் போட்ட ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேள்: இதில் எனக்கு எது தெரியாது? பதிலாக ஒரு பொருள் வந்தால் அது உண்மையான சந்தேகம், அதை வைத்துக்கொள். "ஒன்றுமில்லை, சும்மா ஒரு பயம்" என்று வந்தால் வெட்டு. பாதை மோசம் என்பதில் உனக்கு என்ன சந்தேகம்? தீபாவளிக்கு வந்தபோது நடந்து பார்த்தாய். இரண்டு கிலோமீட்டரில் மூன்று இடத்தில் கல் பெயர்ந்து பள்ளமாகியிருப்பதை நீயே எழுதியிருந்தாய். அதை எழுது. 'மோசமான நிலை' கூடத் தேவையில்லை. பள்ளத்தைச் சொன்னால் மோசத்தை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். 'உண்மையிலேயே சொல்லப்போனால்' என்று ஆரம்பிப்பதும் ஆபத்து. மற்றதெல்லாம் உண்மை இல்லையா என்று ஒருவர் முகத்தில் சிரிப்பு வரும்.

பிள்ளைகளின் கணக்கைப் பார். 'கிட்டத்தட்ட', 'ஒரு', 'அளவில்', அதற்கு மேலே ஒரு 'போல': ஒரே எண்ணுக்கு நாலு முட்டு. தமிழில் 'ஒரு நாற்பது பேர்' என்றாலே சுமார் என்றுதான் அர்த்தம். எண் சரியாகத் தெரியாத இடத்தில் அந்த 'ஒரு' மட்டும் போதும். ஆனால் உனக்குத் தெரியும்! லயம் லயமாகப் போய் நீ எழுதிய பெயர்ப் பட்டியல் என் மேசையில் கிடக்கிறது, 43 பெயர். தெரிந்த 43-ஐ ஏன் தெரியாத 40 ஆக்கினாய்? 40 என்றால் யாரோ மதிப்பிட்டது என்று கேட்பவருக்குப் படும். 43 என்றால் யாரோ எண்ணியிருக்கிறார் என்று படும்.

அதே வாக்கியத்தில் 'பாதையில்தான்' என்று ஒரு 'தான்' இருக்கிறது. அது தயக்கம் இல்லை, அதற்கு எதிரான நோய். வேறு வழியே இல்லை என்று அர்த்தம் கொடுக்கிறது. கொழுந்து மலைக்குள்ளால் குறுக்குப் பாதை ஒன்று இருப்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். அவர்கள் ஆள் கூட்டத்தில் இருந்தால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுப் பேச்சையும் சாய்த்துவிடுவார். தயக்கத்தை வெட்டியவர்கள் அந்த வெற்றிடத்தில் 'நிச்சயமாக', 'முற்றிலும்', 'மட்டுமே' என்று நிரப்பிவிடுவார்கள். வெட்டிய இடம் வெட்டியபடியே இருக்கட்டும்.

அடுத்த வாக்கியத்தில் நான் கத்தியை நிறுத்தினேன். பிள்ளைகள் மழை நாளில் வரவில்லை என்பது உனக்கு நேரடியாகத் தெரியாது, பாடசாலை அதிபர் சொன்னார். இது உண்மையான சந்தேகம். ஆனால் 'இருக்கலாம் என்று சொல்லப்படுகிறது' என்றால் யார் சொன்னது, எந்த மாதம் என்று ஒன்றும் தெரியாத புகைமூட்டம். சந்தேகத்துக்கு ஆள் பெயரும் எல்லையும் கொடு: அதிபர் சொல்கிறார், போன ஜூன் மாதம், வரவுப் பதிவேட்டை நான் பார்க்கவில்லை. இப்படிச் சொன்னால் தயக்கம் மாதிரிக் கேட்காது, கணக்கு வைத்திருப்பவன் பேச்சு மாதிரிக் கேட்கும். இதையும் வெட்டி "பிள்ளைகள் வருவதில்லை" என்று அடித்துச் சொன்னால், "எத்தனை நாள்?" என்று ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுவாய். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது இலையோடு ஒன்றிரண்டு கிளையை விட்டு வெட்டும் முறை இருக்கிறதே, அந்த மாதிரி. எல்லாவற்றையும் மொட்டையாக வெட்டினால் வாடிய செடி செத்தும் போகும்.

கடைசி வாக்கியத்தில் மரியாதையையும் தயக்கத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டாய். இரண்டையும் பிரி. அதிகாரிகளிடம் 'செய்யுங்கள்' என்று அதட்ட வேண்டாம். 'கேட்டுக்கொள்கிறோம்' என்பது மரியாதை, அது இருக்கட்டும். 'முடிந்தால்', 'கொஞ்சம்', 'நல்லது' என்பவை அவர்களுக்கு நீயே திறந்துவிடும் கதவு. 'முடியவில்லை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். 'கவனத்தில் எடுத்தால்' என்பதும் அப்படித்தான், கவனத்தில் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தால் உன் வேண்டுகோள் அங்கேயே முடிந்தது. என்ன வேலை, எந்த இடத்தில், எப்போதைக்குள் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

வெட்டி எழுதினால் இப்படி வருகிறது:

"எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துப் பாதை இரண்டு கிலோமீட்டர். அதில் மூன்று இடத்தில் கல் பெயர்ந்து பள்ளமாகிவிட்டது. தினமும் 43 பிள்ளைகள் அந்தப் பாதையில் பாடசாலைக்குப் போகிறார்கள். போன ஜூன் மாதம் மழை பெய்த நாட்களில் சில பிள்ளைகள் வரவில்லை என்று அதிபர் சொல்கிறார். வரவுப் பதிவேட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த மூன்று இடங்களுக்கும் மே மாத மழைக்கு முன் கொங்கிரீட் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

48 சொல். 11 சொல் குறைந்ததை விட, உள்ளே வந்து சேர்ந்ததைப் பார்: நீளம், பள்ளம், எண்ணிக்கை, மாதம், வேலை. கூட்டத்துக்கு முன் பாடசாலைக்குப் போய் அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடிந்தால், 'இன்னும் பார்க்கவில்லை' என்பதும் போய்விடும், அந்த இடத்தில் ஒரு எண் வந்துவிடும்.

தாளில் இல்லாத சொற்களும் மேடையில் வரும். 'வந்து', 'அதாவது', 'என்னன்னா' இவை எழுத்தில் வராது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வாயில் வராத இடைவெளியில் நுழைந்துவிடும். தயக்கச் சொற்களை வெட்டியதும் இவை கூடுவதும் உண்டு, ஏனென்றால் வாய்க்கு ஒதுங்கி நிற்க இருந்த இடத்தை எடுத்துவிட்டாய். ஒரு சின்ன அட்டையில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லை மட்டும் பெரிதாக எழுதிக்கொள்: எங்கள் தோட்டத்து, அதில் மூன்று, தினமும் 43. வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி, அட்டையைப் பார், பிறகு தலையைத் தூக்கிப் பேசு. அந்த அமைதி உனக்கு நீளமாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவர் பேசும் நேரமே உனக்கு அட்டை பார்க்கும் நேரம்.

நாலைந்து தடவை வாசித்துப் பதிவு செய்துவிட்டு கடைசிப் பதிவை எனக்கு அனுப்பு. வாக்கிய முடிவுகளில் குரல் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்கிறேன். அடித்த இடத்தை வாய் பழக்கத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளும், குறிப்பாக 'கொஞ்சம்'.

'கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்ததும் "அவ்வளவுதான்", "ஏதும் பிழை இருந்தால் மன்னிக்கவும்" என்று ஒட்டாதே, முதலில் வெட்டியது கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'நன்றி' என்று சொல், அட்டையைச் சட்டைப் பையில் வை, உட்கார்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறா. சனிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா