ரூம் லைட் மினுக்குவது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே,

வணக்கம். எங்கள் கடையில் எல்.இ.டி. மாட்டிய ஒரு காரில், கதவைச் சாத்திய பிறகும் ரூம் லைட் மங்கலாக எரிவதை யாரோ வீடியோ எடுத்து, "மட்டமான பல்பு போட்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். உங்களில் பலருக்கும் அது வந்திருக்கும். விலையைப் பற்றிச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். பல்பு மட்டம் என்று சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த கார் ஐரோப்பிய வகை செடான். கம்பெனி கொடுத்த ரூம் லைட் 5 வாட் குண்டு பல்பு. அது எரியும்போது ஏறக்குறைய 0.4 ஆம்பியர் இழுக்கும். எரியாதபோது அதன் இழைக்குச் சில ஓம் மின்தடைதான் இருக்கும். இந்த மாதிரி கார்களில் விளக்கை அணைக்கும் வேலையைச் சுவிட்ச் செய்வதில்லை, விளக்கு, கதவுப் பூட்டு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கணினி செய்கிறது. அது அணைத்த பிறகும் வயரில் துளி மின்னோட்டம் கசியும். குண்டு பல்பில் அந்தக் கசிவு வெளியே தெரியாமல் போய்விடும். எல்.இ.டி.க்கோ அந்தத் துளியே போதும், எரிய ஆரம்பித்துவிடும்.

இதைப் பேச்சில் விடவில்லை, அந்த வண்டியிலேயே அளந்து பார்த்தோம். கதவுகளைச் சாத்திப் பூட்டி, மாட்யூல் தூங்கும் வரை காத்திருந்து மல்டிமீட்டரை வைத்தபோது, அணைந்திருக்க வேண்டிய எல்.இ.டி.யின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 8 வோல்ட் இருந்தது. பழைய குண்டு பல்பை மாட்டியதும் அது பூஜ்யத்துக்கு இறங்கியது. பிறகு எல்.இ.டி.யோடு இணையாக 1,000 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டோம். 1 வோல்ட் அளவுக்கு வந்து மினுக்கல் நின்றுவிட்டது. பல்பு அதே பல்புதான், மாற்றவே இல்லை. உரிமையாளரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

நீங்களே வீட்டில் இதைச் சோதிக்கலாம். முன்னால் இரண்டு ரூம் லைட் ஒரே வயரில் இருந்தால், ஒன்றில் மட்டும் பழைய குண்டு பல்பைத் திருப்பி மாட்டுங்கள். மற்றதில் மினுக்கல் நின்றால் கோளாறு பல்பில் இல்லை, கசிவில்தான்.

எல்லா மினுக்கலும் கசிவால் வருவதில்லை. சாவி போட்டதும் வெட்டி வெட்டி மின்னினால், பல்பு உயிரோடு இருக்கிறதா என்று மாட்யூல் சோதிக்கிறது என்று அர்த்தம். அந்தத் துடிப்பு முழு 12 வோல்ட்டில் மிகச் சிறிது நேரமே வரும். இழை சூடாவதற்குள் முடிந்துவிடும், எல்.இ.டி. மட்டும் மின்னிவிடும். இதற்கு 1,000 ஓம் உதவாது. இந்தச் சோதனையைத் தாங்கும்படி உள்ளேயே சர்க்யூட் வைத்த கேன்பஸ் பல்பு வேண்டும், அல்லது மாட்யூலில் அந்தச் சோதனையை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் பிறகு நிஜமாகவே பல்பு போனாலும் வண்டி சொல்லாது. அதனால் கேட்காமல் நாங்கள் அதைச் செய்வதில்லை.

அப்புறம் மீட்டர் போர்டில் பல்பு எச்சரிக்கை வருவது. ரூம் லைட்டைக் கண்காணிக்காத கார்கள்தான் அதிகம். எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் ரூம் லைட்டோடு சேர்த்து மாற்றிய நம்பர் பிளேட் லைட்தான் காரணம். மின்னோட்டம் குறைந்ததைப் பார்த்து மாட்யூல் பல்பு போய்விட்டதென்று முடிவு கட்டுகிறது. இணையாக 39 ஓம் ரெசிஸ்டர் போட்டால் குண்டு பல்பு அளவுக்கு மின்னோட்டம் இழுத்து எச்சரிக்கை போய்விடும். ஆனால் என்ஜின் ஓடும்போது அது கிட்டத்தட்ட 5 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து வெளியிடும். அதை விளக்கின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் திணித்தால் கூடு இளகிவிடும். எனவே அதை வண்டியின் தகரப் பாகத்தில் பொருத்தத்தான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறோம். "இன்னொரு கடையில் ரெசிஸ்டர் உள்ளேயே வைத்துத் தந்தார்கள், நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

கதவைச் சாத்தியதும் மெல்ல அணையும்போது மட்டும் துடித்தால் கவலைப்பட வேண்டாம். மாட்யூல் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி விட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. டிம்மிங்குக்கு ஏற்ற பல்பாக மாற்றிக்கொள்ளலாம்.

வீடியோ பரவிய அன்றே எங்களை அழைத்து "உங்கள் பக்கம் என்ன நடந்தது?" என்று கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அப்பா காலத்திலிருந்து வண்டியை எங்களிடமே விடுகிற குடும்பங்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார். கேன்பஸ் பல்புகளின் கொள்முதல் விலையும் ஏறியிருக்கிறது. ஆகவே இந்த மாதம் முதல் கசிவு அளந்து பார்க்க 300 ரூபாய் வாங்குகிறோம், வெளியில் வாங்கி வரும் பல்புகளை மாட்டித் தருவதில்லை.

உங்கள் வண்டியில் மினுக்கல் இருந்தால், அது கதவைச் சாத்திய பிறகா, சாவி போட்டதுமா, மங்கும்போதா என்று கவனித்துச் சொல்லுங்கள். பழைய குண்டு பல்பைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். அது இருந்தால் அளப்பது சீக்கிரம் முடியும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கோவை