கை முறிந்த இரவில் கேட்ட கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

உன் பிள்ளை நன்றாக இருக்கிறான். கட்டுப் போட்ட கையால் கேரம் விளையாடக் கூடாது என்று உன் அப்பா சொன்னதற்கு, இடது கையால் ஆடி அவரையே தோற்கடித்துவிட்டான். முதலில் இதைச் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பாய்.

போனில் பேசினால் அழுகையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததில் பாதியை உன்னிடம் சொல்லவில்லை.

கொய்யா மரத்திலிருந்து விழுந்தது சாயங்காலம் 5 மணி இருக்கும். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வீங்கி, கை ஒரு மாதிரி கோணலாக இருந்தது. அறந்தாங்கியில் எக்ஸ்ரே எடுத்து, அட்டை வைத்துக் கட்டி, தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார்கள். கார் பிடித்துக் கிளம்பினோம். பட்டுக்கோட்டையில் பிள்ளை பசிக்கிறது என்றான். மத்தியானம் சாப்பிட்ட வயிறு, அழுது அழுது வாடிப்போன முகம், மனசு கேட்குமா? ரெண்டு பன்னும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிக் கொடுத்தேன். மணி ஏழே கால்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா எப்போ சாப்பிட்டான்?" என்பதுதான். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும், திட ஆகாரம் சாப்பிட்டிருந்தால் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடுமாம். நர்ஸுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா என்ன. ஆனால் நர்ஸைப் பெற்றவளுக்குத் தெரியவில்லை. நல்ல வேளை, மணிக்கட்டில் நாடி துடித்தது, விரல் நுனியை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் உடனே சிவந்தது. அதனால் காலை வரை காத்திருக்கலாம் என்றார். ரத்த ஓட்டம் தடைபட்டிருந்தால் இப்படி ஒத்திப்போட்டிருக்க முடியாது என்றும் சொன்னார். ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒரு தரம் அந்த விரலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விரல் வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, விரலை நீட்டிவிடும்போது வலி தாங்காமல் கத்தினாலோ உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்தது கையெழுத்து. எலும்பை நேராக்கி ரெண்டு கம்பி செருக வேண்டும், அப்பா அம்மா யார் கையெழுத்துப் போடுவது என்றார்கள். நாங்கள் தாத்தா பாட்டி என்றோம். உயிருக்கு ஆபத்து என்றால் நாங்கள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம், இது காலையில் செய்யப்போகும் ஆபரேஷன், பெற்றவர்களிடம் கேட்டுத்தான் செய்வோம் என்றார்கள். அதில் அவர்கள் மேல் தப்பு இல்லை. நீ மஸ்கட்டில் நைட் டியூட்டியில், போன் லாக்கரில். மாப்பிள்ளை சைட்டில், சிக்னல் இல்லை. ஒன்பது மணியிலிருந்து உன் அப்பா 23 தடவை கூப்பிட்டிருக்கிறார். நீ திரும்பக் கூப்பிட்டபோது இங்கே 11.40, அங்கே பத்து பத்து. டாக்டரிடம் வீடியோவில் நீ பேசி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அப்புறம் உன் அப்பா கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி போட வேண்டிய சுகர் மாத்திரையை மறந்துவிட்டார். நானும்தான்.

நீங்கள் ரெண்டு பேரும் லீவில் வரும்போது ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை யாரிடம் இருக்கிறான், அவனுடைய வைத்தியத்துக்கும் பள்ளிக்கூட விஷயங்களுக்கும் எங்களைக் கையெழுத்துப் போட அனுமதிக்கிறோம் என்று முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் சான்று வாங்கிவிடுவோம். வர முடியாமல் போனால் மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பலாம். ஆனால் அப்படி வரும் பவர் பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டுமாம். நேரில் செய்வதே சுலபம். இந்தக் காகிதத்தால் நாங்கள் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டோம். அது நீங்கள்தான். ஆஸ்பத்திரி உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்றால் பேசத்தான் வேண்டும். அதனால் உன் வார்டு லேண்ட்லைன் நம்பர், மாப்பிள்ளை சைட் ஆபீஸ் நம்பர் ரெண்டும் வேண்டும். சமையலறைக் கதவில் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன்.

இன்னொன்று, இதற்குக் கோபப்படாதே. ராத்திரி 9 மணிக்கு நீ கூப்பிடுகிறாயே, அது வேண்டாம். அவன் தூக்கம் சொக்கும் நேரம். உன் முகத்தைப் பார்த்ததும் அன்றைக்கு நான் திட்டியது, டிவியை அணைத்தது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. நீயும் தாங்க முடியாமல், "சரி, அம்மாயிகிட்ட சொல்றேன், பாத்துக்கோ" என்கிறாய். அடுத்த நாள் செல்போனை வாங்கி வைத்தால், "அம்மா பார்க்கச் சொல்லிட்டாங்க" என்கிறான். எனக்கு அங்கே வாயடைத்துப்போகிறது. போன வாரம் மாப்பிள்ளை சாயங்காலம் 5 மணிக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பலகாரம் தின்று தெம்பாக இருந்தான். கழித்தல் கணக்கு போட்டுக் காட்டினான், அவனே போனை வைத்துவிட்டு ஓடினான். உங்களுக்கு அப்போது மூன்றரை. பகல் டியூட்டி நாட்களில் உன்னால் முடியாது, தெரியும். அன்றைக்கு வாய்ஸ் அனுப்பு. காலையில் தலை சீவும்போது போட்டுக் காட்டுகிறேன். செல்போன் எவ்வளவு நேரம் என்பதை நாம் ரெண்டு பேரும் தனியாகப் பேசி முடிவு செய்வோம். அதற்கப்புறம் அவனிடம் நீ மாற்றிச் சொல்லாதே.

பணம் பற்றி உன் அப்பா வாய் திறக்க மாட்டார், நான் சொல்கிறேன். நீ அனுப்புவது போதும். ஆனால் வீட்டுச் செலவும் பிள்ளை செலவும் ஒரே கணக்கில் கிடக்கிறது. அன்றைக்கு முன்பணம் கட்ட அவர் சொசைட்டியில் நகையை வைத்ததுதான் நடந்தது. (திருப்பிவிட்டோம், கேட்காதே.) அவன் பேரில் அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகை போட்டு வைத்துவிடு. அதை நாங்கள் வேறெதற்கும் தொட மாட்டோம்.

எங்களால் எத்தனை வருஷம் முடியும் என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும். இப்போது அவனை இடுப்பில் தூக்க முடியவில்லை, முழங்கால் விடுவதில்லை. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போகிறது, வண்டியில் இவனைக் கூட்டிப் போகிறவர் அவர்தான். நீங்கள் வரும் மாதத்திலேயே அதை முடித்துவிடலாம். அந்த ஒரு மாதம் ஸ்கூலுக்கு மாப்பிள்ளை விடட்டும். அஞ்சாவது வரைக்கும் இங்கே, அப்புறம் யாராவது ஒருவர் திரும்பி வருவது என்று போன வருஷம் பேசினோம். அது இன்னும் அப்படியேதானா?

இவன் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் எட்டு மணிக்கே விளக்கை அணைத்திருப்போம், அதையும் மறைக்கவில்லை. அவன் வந்த பிறகுதான் உன் அப்பா வாசலில் உட்கார்ந்து கதை சொல்கிறார். உனக்குக்கூட அவர் சொன்னதில்லை.

வர்ற வியாழக்கிழமை கம்பி எடுக்கிறார்கள். மயக்க மருந்து இல்லை, ஆனாலும் அன்றைக்கு இட்லி கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டுதான் கொடுப்பேன். உன் டியூட்டி சீட்டை அனுப்பு, அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்திருக்க முடியுமா பார்.

அம்மா