மாத்திரை அட்டைகள் அடுக்குவது பற்றி

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மெட்ஃபார்மின் ரேக்கைப் பார்த்தேன். பழைய 12 அட்டைகள் முன்னால், போன வாரம் வந்த 20 பின்னால். வழக்கப்படி சரிதான். ஆனால் பழையதில் எக்ஸ்பயரி அடுத்த நவம்பர், புதியதில் அதற்கு முந்தைய மார்ச்! ஏஜென்சி தன்னிடம் தேங்கியதை நம் தலையில் கட்டியிருக்கிறது. அதனால் வந்த வரிசை வேண்டாம். எது முதலில் காலாவதியாகிறதோ அதை முன்னால் வையுங்கள். சரக்கு இறக்கும்போதே அட்டையில் உள்ள பேட்ச் எண்ணையும் தேதியையும் பில்லோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், அட்டையை வெட்டும்போது தேதி அச்சான பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். நேற்று தேதியில்லாத நாலு மாத்திரைத் துண்டு ஒன்று கிடைத்தது. அதை விற்கவும் முடியாது, ரிட்டர்னும் எடுக்க மாட்டார்கள். குப்பைதான்.

மார்ச் என்று போட்டிருந்தால் மார்ச் 31 வரை செல்லும். ஆனாலும் மார்ச் 10 அன்று ஒரு மாதத்துக்கு வாங்குபவருக்கு அதைத் தராதீர்கள், ஏப்ரலிலும் அதையேதான் சாப்பிடுவார். அவருக்கு நவம்பர் அட்டை. மூன்று மாதத்துக்குள் முடிகிறவற்றைத் தனி ட்ரேயில் எடுத்து வையுங்கள், சனிக்கிழமை ஏஜென்சி ஆள் வரும்போது பேசிக்கொள்கிறேன்.