தோல் ஸ்ட்ராப் உரிந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது: ரப்பர் ஸ்ட்ராப் மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கைக்கடிகார நிறுவனம்.

ஐயா,

சித்திரையில் உங்கள் இணையதளத்தில் வாங்கிய வாட்சின் தோல் ஸ்ட்ராப், ஐப்பசி மழை முடியும் முன்பே மேல்பூச்சு உரிந்து, அடுக்குகள் பிரிந்து போய்விட்டது. வாரண்டியில் மாற்றித் தரும்படி கேட்டேன். "ஈரத்தால் ஏற்பட்ட சேதம், தவறான பயன்பாடு" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை விளக்கமாகவே எழுதுகிறேன்.

வாட்சைக் குளத்திலோ கடலிலோ நான் இறக்கவில்லை. ரப்பர் ஷீட் வாங்கி விற்பது என் தொழில். குலசேகரம், அருமனை பக்கத்துத் தோட்டங்களுக்குப் பைக்கில் போய் வருவேன். கையில் பட்டதெல்லாம் வியர்வையும், எப்போதாவது தூறலும்தான். இந்த மாவட்டத்துக்கு ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். வறண்ட ஊரில் மாலை கழற்றி வைத்த தோல் காலைக்குள் உலர்ந்துவிடும். இங்கே உலராது. தோலுக்குள் இறங்கிய வியர்வையின் நீர் கொஞ்சம் போனாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை மறுபடியும் இழுத்துக்கொள்ளும். உள்பக்கத் துணி போன்ற அடுக்கு முதலில் கறுத்து நாற்றமடித்தது. அப்புறம் ஓரப்பூச்சு வெடித்தது, பக்கிள் மடியும் இடத்தில் பசை விட்டது.

இதைவிட முக்கியமான விஷயம் மேல்பூச்சு. உங்கள் இணையதளத்தில் "அசல் தோல்" என்று போட்டிருக்கிறீர்கள். மேல்புறம் முழுமையான தோல் பழசானால் நிறம் மங்கும், சுருங்கும், கோடு கோடாக வெடிக்கும். இப்படிப் படலம் படலமாக உரியாது. என் ஸ்ட்ராப்பில் வெங்காயத் தோல் போல மெல்லிய படலம் கழன்று வர, அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் நார்தான் இருக்கிறது. தோலைப் பிளந்தெடுத்த அடிப்பகுதியின்மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய பொருளில்தான் இப்படி நடக்கும். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

வாட்சின் பின்மூடியில் நீர் தாங்கும் அளவு 5 பார் என்று பொறித்திருக்கிறீர்கள். அது கேஸுக்கு மட்டுமே உரியது, ஸ்ட்ராப்புக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதே பக்கத்தில் "எல்லாப் பருவத்துக்கும், தினசரி அணிய" என்று வாட்சை முழுதாகக் காட்டி விற்கும்போது, ஸ்ட்ராப்புக்குத் தனி விதி இருப்பதை வாங்குபவர் எங்கே படிப்பது? எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், ஒரு நாள் கட்டினால் மறுநாளாவது காற்றாட விட வேண்டும். இந்தக் காலநிலையில் தினமும் கட்ட அது ஏற்றதல்ல. அதனால் இன்னொரு தோல் ஸ்ட்ராப் கொடுத்தால் எனக்குப் பயன் இல்லை.

உங்கள் சேவை மையம் தனி விலைக்கு ஸ்டீல் செயின், நைலான், ரப்பர் ஆகியவற்றில் ஒன்றை எடுக்கச் சொன்னது. மூன்றையும் யோசித்துவிட்டுத்தான் ரப்பர் கேட்கிறேன்.

ஸ்டீல் செயின் 316எல் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல உலோகம்தான். அதிலுள்ள மாலிப்டினம், உப்பு அரிப்பைச் சாதாரண ஸ்டீலைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் குளச்சல் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மச்சானின் செயினில் கண்ணிகள் பளபளவென்று இருக்க, கேஸோடு இணைக்கும் ஸ்பிரிங் பின் துருப்பிடித்து ஒடிந்து வாட்ச் கீழே விழுந்தது. கண்ணிக்கும் பின்னுக்கும் நடுவே உப்பும் அழுக்கும் சேர்ந்தால் காற்றுப் புகாத அந்த இடுக்கில்தான் அரிப்பு தொடங்கும். பின் மட்டமான இரும்பு என்றால் இன்னும் சீக்கிரம் போகும். பின் எந்த உலோகம் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இன்னொரு சிரமம், உச்சிவெயிலில் மணிக்கட்டு கொஞ்சம் வீங்கும். உங்கள் பூட்டில் சிறிதளவு தளர்த்த வழி இல்லை, ஒரு கண்ணியைச் சேர்த்தால் தொளதொளவென்று ஆகிவிடும்.

நைலானைக் குறை சொல்ல மாட்டேன். சோப்புப் போட்டுத் துவைக்கலாம். ஒரே நீளப் பட்டையாக இரண்டு பின்னுக்கும் அடியில் ஓடும் வகையில் ஒரு பின் போனாலும் வாட்ச் கையிலேயே நிற்கும். ஆனால் வாட்சுக்கு அடியில் இரண்டு அடுக்காக வருகிற இடம் எங்கள் மழைக்காலத்தில் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். இரண்டு பட்டை வைத்து மாற்றிக் கட்டுபவருக்கு அது சரி.

இனி ரப்பர். இதுதான் என் தொழில் என்பதால் சொல்கிறேன், வெறும் "ரப்பர்" என்று எழுதி விற்பது வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை. நாங்கள் வெட்டியெடுக்கும் இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், ஆனால் தேங்காய் எண்ணெய் பட்டால் ஊதி இளகும், வெயிலில் கிடந்தால் நுண்ணிய வெடிப்பு விடும். சிலிக்கோன் மென்மை, வெயிலுக்கும் அஞ்சாது. ஆனால் தூசி ஒட்டும், பக்கிள் துளையில் ஒரு சிறு கீறல் விழுந்தால் அங்கிருந்தே கிழியும். பாலியூரித்தேன் சில வருடங்களில் ஈரக்காற்றிலேயே பிசுபிசுத்தோ நொறுங்கியோ போகும். எஃப்.கே.எம். எனப்படும் ஃப்ளோரோ ரப்பர்தான் வியர்வை, எண்ணெய், வெயில் மூன்றையும் தாங்குகிறது. விலை அதிகம். கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், அதே அளவு சிலிக்கோனைவிட நன்றாகக் கனக்கும். ரப்பர் வியர்வையை உறிஞ்சாததால் அது கைத்தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் தேங்கும். உள்பக்கம் காற்றோடும் பள்ளங்கள் இல்லாவிட்டால் எந்த ரப்பரும் கையில் அரிப்பைத் தரும். மாலையில் கழுவித் துடைத்து வைப்பது என் பொறுப்பு, அதைச் செய்துகொள்வேன்.

எனவே, 20 மில்லிமீட்டர் அகலத்தில், உள்பக்கம் பள்ளம் உள்ள எஃப்.கே.எம். ஸ்ட்ராப் ஒன்றை, துருப்பிடிக்காத பின்களோடு கட்டணமின்றி அனுப்ப வேண்டும். அது இயலாது என்றால் ஸ்ட்ராப்பின் விலையைத் திருப்பித் தாருங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன். கூடவே, தோல் எந்த வகை, ரப்பர் எந்த வகை, பின் எந்த உலோகம் என்பதையும், வியர்வைச் சேதம் வாரண்டியில் சேராது என்பதையும் பணம் கட்டும் முன் தெரியும்படி இணையதளத்தில் எழுதுங்கள். இங்கிருந்து வாங்கும் அடுத்த ஆளுக்கு அது உதவும்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதை நினைவூட்டுகிறேன். பில் நகலும் உங்கள் மறுப்பு மின்னஞ்சலும் இத்துடன் உள்ளன. உரிந்த ஸ்ட்ராப்பைத் தனி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், கூரியர் ஏற்பாடு செய்தால் உங்கள் பரிசோதனைக்குக் கொடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம்.