27 ஏக்கர் இல்லை, 9 ஏக்கர்: கண்மாய்க்குக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நன்கொடையாளர்களுக்கு,

வணக்கம். கள்ளிக்குடி பக்கத்துக் கண்மாய் வேலைக்கு நீங்கள் 312 பேர் சேர்ந்து கொடுத்தது 14 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அறுப்பு முடிந்து களமும் காலியாகிவிட்டது. இந்த மடலோடு வரும் பவர்பாயின்ட் பக்கங்களில் படங்களும் வரவு செலவும் இருக்கின்றன. அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் '9 ஏக்கர்' என்று போட்டிருக்கிறோம். பார்த்த இரண்டு மூன்று பேர், "இவ்வளவு பணத்துக்கு ஒன்பதே ஏக்கரா?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. நன்றி சொல்லும் கையோடு அதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறோம்.

இது வைகைத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாக வருவதுதான் வருசத்துக்கும். ஆயக்கட்டு 92 ஏக்கர், 61 குடும்பங்களின் நிலம். வேலைக்கு முந்தின வருசம் அதில் 31 ஏக்கரில்தான் நெல் அறுத்தார்கள். இந்த வருசம் 58 ஏக்கர். ஆக 27 ஏக்கர் கூடியிருக்கிறது. இந்த எண்ணையே முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

ஆனால் இந்த வருசம் மழை போன வருசத்தைவிட நன்றாகப் பெய்தது. எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் கூடியிருக்கும். எவ்வளவு என்று பார்க்க, பக்கத்து ஊர்க் கண்மாயையும் ஆரம்பத்திலிருந்தே கணக்கில் வைத்திருந்தோம். அதே மழை, அதே கரிசல் மண். அங்கே யாரும் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. அங்கே 22 ஏக்கராக இருந்த அறுப்பு 35 ஆனது. ஏறக்குறைய 1.6 மடங்கு. அதே மடங்கில் நம் 31 ஏக்கரும் தானாகவே 49-க்குப் போயிருக்கும். அப்புறம் மிச்சம் 9 ஏக்கர்தான். உங்கள் பணத்தால் ஆனது என்று நாங்கள் சொல்லிக்கொள்வது அதைத்தான். ஒரே ஒரு கண்மாயை வைத்துப் பார்த்த ஒப்பீடு என்பதால் இதிலும் இரண்டு மூன்று ஏக்கர் முன்னே பின்னே இருக்கலாம்.

செலவானது 12 லட்சத்து 60 ஆயிரம். 9 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு 1 லட்சத்து 40 ஆயிரம். ஒரு போகத்து நெல்லை மட்டும் எடைபோட்டால் இது கட்டுப்படியாகாத செலவு. ஆனால் மடை வேலை பல வருசம் நிற்கும். அதனால் இதே கணக்கை அடுத்த இரண்டு வருசமும் எடுத்த பிறகுதான் லாபமா நட்டமா என்று பேச முடியும்.

இனி, பணம் எங்கே போனது, தண்ணீர் எங்கே கிடைத்தது என்பது. இரண்டும் ஒரே இடமில்லை.

அதிகம் தின்றது தூர் வாரும் வேலை, 6 லட்சத்து 40 ஆயிரம். டிராக்டர் நடைக் கணக்குப்படி 4,200 நடை மண் போயிருக்கிறது. நடைக்கு 100 கன அடி என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம் கன அடி. இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. வெட்டின மண் பொருமி, கிடந்த அளவைவிடக் கால் பங்கு போலக் கூடிவிடும். டிராக்டரில் ஏறுவது பொருமின மண். கண்மாயில் விழும் பள்ளமோ அதைவிடச் சின்னது. அதனால் குழிக்கு நடுவே அங்கங்கே மண் திட்டுகளைத் தோண்டாமல் விட்டு வைக்கச் சொன்னோம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு திட்டின் உச்சியிலிருந்தும் அடிவரை டேப் பிடித்தோம். சராசரி ஆழம் 3.2 அடி, பரப்பு 2.4 ஏக்கர். பெருக்கினால் 3 லட்சத்து 35 ஆயிரம் கன அடி வருகிறது. பில்லுக்குக் காசு கொடுத்தது இந்த அளவுக்குத்தான். இந்த யோசனையைச் சொல்லி, டேப்பையும் தானே பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பள்ளத்தில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 95 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு ஏக்கர் நெல்லுக்கு விதைப்பு முதல் அறுப்பு வரை, மழையும் சேர்த்து, 45 முதல் 50 லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியென்றால் ஒரு தடவை நிறைந்தால் இரண்டு ஏக்கருக்குக் காணும். அதிலும் பாதிப் பள்ளம் மடை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஏறவே ஏறாது. கோடையில் ஆடு மாடு குடிக்கவும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், அதோடு சரி. தூர் வாரியதில் நிச்சயமாகக் கிடைத்த இன்னொரு பலன், 38 குடும்பங்கள் தங்கள் செலவில் வண்டி வைத்து வண்டலை அள்ளிப் போய் வயலில் அடித்துக்கொண்டது. அதனால் விளைச்சல் எவ்வளவு கூடியது என்று நாங்கள் அளக்கவில்லை. அதனால் அதற்கு எண் எதுவும் போடவில்லை.

அப்போ மற்ற ஏக்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மடையிலிருந்து. பெரிய மடையின் பலகை இற்றுப்போய், கரைக்கு அடியில் ஓடும் கல் குழாயைச் சுற்றியும் மண் அரித்துப் போயிருந்தது. மடையை அடைத்து வைத்திருக்கும்போதே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு என்று ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். வேலைக்கு முந்தின மார்கழியில், ஊர் நீர்பாய்ச்சி அண்ணன் 200 லிட்டர் டிரம் ஒன்றை உருட்டி வந்து, மடை வாயில் தகரத்தை வளைத்து வைத்து, ஒழுகுவதையெல்லாம் அதில் விழ வைத்தார். 40 விநாடியில் டிரம் வழிந்தது. விநாடிக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் லிட்டர். ஆறு லட்சத்துக்கு மேல் கொட்டித் தோண்டின அந்த 95 லட்சம் லிட்டர் பள்ளத்தை இந்த ஓட்டை 22 நாளில் காலி செய்துவிடும்.

இரண்டு மடைகளையும் சரிசெய்ய ஆன செலவு 2 லட்சத்து 85 ஆயிரம். பலகையை எடுத்துவிட்டுத் திருகு ஷட்டர் போட்டு, குழாயைச் சுற்றிக் களிமண் கிட்டித்து, முகப்பைப் பூசியாயிற்று. இந்த மார்கழியில் அதே டிரம்மை அதே இடத்தில் வைத்தோம். நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. போன வருசம் தை பிறந்த கையோடு வற்றிய கண்மாயில் இந்த வருசம் மாசிக் கடைசி வரை தண்ணீர் கிடந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்துக் கடைசி இரண்டு தண்ணி கிடைத்ததா இல்லையா என்பதில்தான் எங்கள் பக்கத்து நெல் பிழைப்பதும் சாவியாவதும் இருக்கிறது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஆயக்கட்டுக்குள் 14 கிணறுகளில் மாதாமாதம் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளந்தோம். 11 கிணறுகளில் ஏறியிருக்கிறது. ஒன்றில் மாற்றமில்லை. இரண்டில் இறங்கிவிட்டது. அந்த இரண்டும் பெரிய மடைக்கு நேர் கீழே இருப்பவை. இத்தனை வருசம் மடை ஒழுக்குதான் அவற்றுக்கு ஊற்றாக இருந்திருக்கிறது. அதில் ஒரு கிணற்றுக்காரர், "ஊருக்கு நல்லது பண்றேன்னு என் கிணத்த வத்த வச்சிட்டீங்களேப்பா" என்று எங்களிடமே சொன்னார். அவர் சொல்வதில் தப்பில்லை. மடையைத் திரும்ப ஒழுக விட முடியாது. வாரம் ஒரு முறை அவர் பக்கத்து வாய்க்காலில் கொஞ்ச நேரம் தண்ணீர் விடலாமா என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு நடக்கிறது. இன்னும் முடிவாகவில்லை. மற்ற 11 கிணறுகள் ஏறியதை எங்கள் சாதனையாகச் சேர்க்கவில்லை. பக்கத்து ஊரில் கிணறுகளை அளக்காததால் எவ்வளவு மழையால், எவ்வளவு வேலையால் என்று பிரிக்க வழியில்லை.

வரத்துக்கால் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2.3 கிலோமீட்டருக்குச் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, ரோட்டுக்கு அடியில் போகும் பாலக் குழாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கையும் மண்ணையும் வாரினோம். 2 லட்சத்து 10 ஆயிரம். முன்பெல்லாம் தண்ணீர் பாலத்தில் முட்டி, பக்கத்து ஓடைக்குத் திரும்பிவிடும். இந்த ஐப்பசியில் முதல் பெருமழைக்கே நேராகக் கண்மாய்க்கு வந்து சேர்ந்தது. கார்த்திகையில் கலுங்கும் மூன்று நாள் மறுகால் பாய்ந்தது. கருவேல விதை மண்ணிலேயே கிடக்கும் என்பதால் வருசா வருசம் கன்றுகளைப் பிடுங்காவிட்டால் பழையபடி ஆகிவிடும். அந்த வேலையை ஊர்க்காரர்கள் ஏற்றிருக்கிறார்கள். செய்கிறார்களா என்று அடுத்த ஆடியில் பார்த்து எழுதுகிறோம்.

அளவீடு, போக்குவரத்து, சம்பளம், தணிக்கை எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 25 ஆயிரம். கையிருப்பு 2 லட்சம்.

தண்ணீர் எட்டாத 34 ஏக்கர் முழுக்கக் கடைமடை நிலம். கண்மாயில் தண்ணீர் இருந்தும் அங்கே போகவில்லை. நடுவில் வயல் வாய்க்கால் தூர்ந்து, சில இடத்தில் வரப்போடு வரப்பாக உழுது சேர்த்தாயிற்று. கடைமடைக்காரர்களில் பெரும்பாலோர் ஒரு ஏக்கருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். அப்புறம், நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இந்த வேலையால் வந்தது குறைவு. மண் வெட்டியது இயந்திரம். கூலி கிடைத்தது கருவேலம் வெட்டியதிலும் மடைப் பூச்சிலும் மட்டும்தான். '61 குடும்பங்கள் பயன்பெற்றன' என்று எங்கும் எழுதாததற்குக் காரணம் இதுதான். நெல் அறுத்தவை 44 குடும்பங்கள்.

மாதச் சம்பளத்தில் 200 ரூபாய் ஒதுக்கியவரிலிருந்து, மகள் கல்யாண மொய்யில் ஒரு பங்கைக் கொடுத்த திருமங்கலத்துக் கடைக்காரர் வரை, உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. டீசல் மட்டும் வாங்கிக்கொண்டு டிராக்டர் ஓட்டிய தம்பிகளுக்கும், ஆட்களுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அக்காமாருக்கும் நன்றி.

மிச்சமுள்ள 2 லட்சத்தைக் கடைமடை வாய்க்காலுக்குப் போட நினைக்கிறோம். சர்வேயரை வைத்து வாய்க்காலை அளந்து, இரு பக்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மண்வெட்டி இறங்கும். கையெழுத்து விழாவிட்டால் பணம் அப்படியே வங்கியில் இருக்கும். தூர் வார மட்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் உங்களில் சிலர் உண்டு. இதில் சம்மதமில்லை என்றால் சித்திரை முடிவதற்குள் சொல்லுங்கள், உங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். டிரம், டேப் அளவுகளின் நோட்டும் பில்களும் அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த வேலை நாளிலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கண்மாய் வேலைக் குழுவினர்