பால்மாவு டின்னைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் அம்மாமார்களே. மினிமார்க்கெட்டில் 1–3 வயதுப் பால்மாவு மலிவு விற்பனையில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது ஆகாது. ஒரு வயதுக்குள் பால்மாவு கொடுப்பதானால், குழந்தையின் மாதத்துக்கு ஏற்ற ஃபார்முலாதான்.

குழந்தைக்கான சீரியல் உணவு வாங்கினால் முன்பக்கத்துப் பழப்படத்தை விட்டுவிட்டு, பின்னால் 'ராமுவான்' என்ற சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ள பொருள்தான் முதலில் வரும். கூலா, சுக்ரோசா, குளுகோஸ் சிரப், பழச்சாறு செறிவு எல்லாமே சேர்த்த இனிப்புதான். அட்டவணையில் இருக்கும் சர்க்கரை எண்ணில் பாலின் லாக்டோசும் கலந்திருக்கும், அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் உப்பு. அட்டவணையில் அது 'நாட்ரியம்', அதாவது சோடியம் அளவாகத்தான் இருக்கும். 100 கிராமில் 300 மில்லிகிராம் என்றால், 25 கிராம் ஊட்டும்போது 75 மில்லிகிராம். அதை 2.5ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.2 கிராம் உப்பு. ஒரு வயதுக்குள் நாள் முழுக்கவே 1 கிராமுக்குள்தான் இருக்கணும்.

சந்தேகமா? பின்பக்கத்தைப் படமெடுத்து கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டுங்கள்.