சோழர் காலம் எந்த ஆண்டில் முடிகிறது? வரலாற்றுக் கட்டுரை திருத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் வரலாற்றுக் கட்டுரைகளுக்குத் தலைப்பு கொடுத்து மதிப்பெண்ணும் போடும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல் விடைத்தாள் திருத்துகிறவன்தான். ஒரு கல்லூரியில் இன்னொருவர் திருத்திய கட்டுரை ஒன்று மறுமதிப்பீட்டுக்காக என்னிடம் வந்தது. 'சோழர் காலத்தில் அரசும் ஊரும்' என்பது தலைப்பு. எழுதிய மாணவி 985 முதல் 1070 வரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு பக்கம் காரணமும் எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் "சோழர் காலம் 850–1279. பெரும்பகுதி விடுபட்டுள்ளது" என்ற குறிப்பு. அந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. அந்தப் பக்கத்தை யாரும் படித்ததாகவே தெரியவில்லை. இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

850, 1279 என்ற இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்ப்போம். விசயாலயன் தஞ்சையைப் பிடித்தான் என்று நமக்குச் சொல்வது முக்கியமாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு. அது முதலாம் ராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 1018ஐ ஒட்டியது. நடந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, கொள்ளுப்பேரனுக்கும் பின்னால் வந்த வாரிசு சொல்லும் குடும்பக் கதை. அதில் தஞ்சையைப் பிடித்த ஆண்டு கிடையாது. முதலாம் பராந்தகன் 907இல் அரியணை ஏறியதை வானியல் குறிப்புகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். அவன் தந்தை ஆதித்தன் 871 வாக்கில் பட்டமேறினான் என்று கண்டார்கள். அதிலிருந்து ஒரு தலைமுறை பின்னால் போய் வந்து நின்ற இடம்தான் 850. சுமாரான எண். அப்போது விசயாலயன் பல்லவருக்கு அடங்கிய ஒரு சிற்றரசன் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

1279 வேறு வகை. மூன்றாம் ராஜேந்திரன் 1246இல் பட்டமேறினான். அவன் பெயரில் கிடைக்கும் கடைசி ஆட்சியாண்டு 33. இரண்டையும் கூட்டினால் 1279. அந்த ஆண்டில் இன்ன இடத்தில் இன்ன போர் நடந்து சோழர் வீழ்ந்தார்கள் என்று சொல்லும் கல்வெட்டைக் காட்டி யாரும் இந்த ஆண்டைச் சொல்லவில்லை. சோழன் பெயரில் ஆண்டு குறிப்பது அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அரசியலாகப் பார்த்தால் கதை முன்பே முடிந்துவிட்டது. 1216ஐ ஒட்டி முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்து, சோழ நாட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்ததைத் தன் பட்டப்பெயரிலேயே சேர்த்துக்கொண்டான். 1231இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஹொய்சளர் படை வந்துதான் அவனை மீட்டது.

ஆக, ஒரு முனையை ஊர் பிடித்த கதையை வைத்து நிறுத்தியிருக்கிறோம், மறு முனையைக் கல்வெட்டில் பெயர் வருவது நின்றதை வைத்து. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். ஒரு வம்சத்தின் பெயர் எத்தனை காலம் புழக்கத்தில் இருந்தது என்று கேட்டால் இந்த ஆண்டுகள் போதும். 'அரசும் ஊரும்' என்று தலைப்பு கொடுத்துவிட்டு அதே ஆண்டுகளை எதிர்பார்ப்பது சரியா?

இப்போது அந்த மாணவியின் தொடக்க ஆண்டுக்கு வருகிறேன். 985 முதலாம் ராஜராஜன் பட்டமேறிய ஆண்டு. அரசன் மாறினான் என்பதற்காக மட்டும் அவர் அதை எடுக்கவில்லை. ராஜராஜன் காலத்தில்தான் அரசு ஊருக்குள் வந்து நிலத்தை அளக்கிறது என்பது அவர் வாதம். கையில் வலுவான சான்றும் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஓர் ஊரின் அளந்தபடி உள்ள மொத்த நிலம் இத்தனை வேலி, இத்தனை மா என்று நுண்ணிய பின்னம் வரை முதலில் சொல்லப்படும். அப்புறம் ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு என்று வரி கட்டாத நிலம் கழிக்கப்படும். மீதிக்குக் காணிக்கடன் இத்தனை கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளப்பது என்று முடியும். இதைக் கல்லில் பார்த்தவர்களுக்கு, ஒரு கணக்கர் ஊர் வரப்பில் நின்று எழுதிய ஓலை அப்படியே கல்லுக்கு ஏறியது தெரியும். 1001 வாக்கில் நடந்த நில அளவையின் விளைவு இது. நாடுகளைச் சேர்த்து வளநாடுகள் அமைத்து அவற்றுக்கு அரசன் பட்டப்பெயர்களைச் சூட்டியதும் இதே ஆட்சியில்தான்.

இந்த வாதத்தை மறுக்க நினைக்கும் ஆசிரியர் "850இலிருந்து ஏன் தொடங்கவில்லை" என்று கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு இருக்கின்றன.

முதலாவது உத்திரமேரூர். பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் சபை தன் வாரியங்களுக்குக் குடவோலை வழியாக ஆள் எடுக்கும் விதிகளை வகுக்கிறது. அரசனின் ஆணை வந்திருக்கிறது, அரசன் அனுப்பிய அதிகாரி உடன் இருக்கிறார். 985க்கு அறுபது ஆண்டுக்கு மேல் முன்னாலேயே அரசின் கை ஊர்ச் சபைக்குள் இருந்திருக்கிறது. அப்படியானால் "985இல்தான் அரசு ஊருக்குள் நுழைந்தது" என்று எழுத முடியாது. "நிலத்தை ஒரே முறையில் அளந்து வரி குறிப்பது 985க்குப் பிறகு" என்று எழுதலாம். வாதம் குறுகுகிறது, ஆனால் நிற்கிறது. மாணவி உத்திரமேரூரை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தார். அங்கே மதிப்பெண் குறைத்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இரண்டாவது இன்னும் கடினமானது. ராஜராஜன்தான் கல்வெட்டின் தலைப்பில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தான். 'திருமகள் போல' என்று தொடங்கினால் அது அவன் கல்வெட்டு என்று படித்தவுடன் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் சோழ அரசர்கள் மாறி மாறிப் பரகேசரி, இராசகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். 'கோ இராசகேசரிவன்மற்கு யாண்டு 5' என்று மட்டும் ஒரு கல்லில் இருந்தால் அது ஆதித்தனா, கண்டராதித்தனா, சுந்தர சோழனா, மெய்க்கீர்த்திக்கு முந்திய ராஜராஜனேயா? எழுத்தமைதியையும் அதில் வரும் ஆட்களின் பெயரையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதனால் 985க்குப் பிறகு நாம் உறுதியாக ஆண்டு குறிக்க முடிகிற கல்வெட்டுகள் திடீரென்று கூடுகின்றன. ஊரில் ஏதோ மாறியது போலத் தெரிவது உண்மையில் நம் சான்றில் ஏற்பட்ட மாற்றமாகவும் இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பராந்தகனின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று வருவதால் அவற்றைக் குழப்பமில்லாமல் அடையாளம் காணலாம். ஒரே கோயிலில் பராந்தகன் கல்வெட்டும் ராஜராஜன் கல்வெட்டும் இருக்கும் இடங்களை எடுத்துக்கொண்டு, இரண்டிலும் நில விற்பனையோ வரி நீக்கமோ பேசும் கல்வெட்டுகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நில அளவு எப்படிச் சொல்லப்படுகிறது, வரிகளின் பெயர்கள் என்ன, எந்த அதிகாரிகள் கையொப்பமிடுகிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். அப்படியும் வித்தியாசம் தெரிந்தால் கோடு ஊரில் விழுந்தது. தெரியாவிட்டால் கோடு நம் கையிருப்பில் விழுந்தது. இளங்கலை மாணவர் நான்கைந்து கல்வெட்டுகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

சரி, முடிவாண்டு. என் கணக்கில் அந்தக் கட்டுரை உண்மையில் சறுக்கியது இங்கேதான், திருத்தியவர் அதைத் தொடவே இல்லை. 1070இல் அதிராஜேந்திரன் இறந்து, கீழைச் சாளுக்கியக் குடும்பத்தில் பிறந்த முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணைக்கு வருகிறான். அதே காலத்தில் இலங்கையில் முதலாம் விஜயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றுகிறான். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளை நான்கு காலமாகப் பிரித்தபோது, 985ஐப் போலவே 1070ஐயும் ஓர் எல்லையாக வைத்தார்கள். ஆகவே ஆண்டு அந்நியமானதல்ல. ஆனால் மாணவி நில அளவையைக் காட்டித் தொடங்கிவிட்டு, அரச குடும்பம் மாறியதைக் காட்டி முடித்துவிட்டார். குலோத்துங்கன் 1086இல் மறுபடியும் நிலத்தை அளந்தான். அளவுகோல் நில அளவையென்றால், அதே வேலையை அரசு இன்னொரு முறை செய்த ஆண்டைக் கட்டுரைக்கு வெளியே தள்ள என்ன நியாயம்?

தொடங்கிய அளவுகோலையே பிடித்துக்கொண்டு போனால் முடிவு 12ஆம் நூற்றாண்டுக்குள் நகரும். சம்புவராயர், காடவராயர் போன்ற குறுநிலத் தலைவர்கள் பாடிகாவல் முதலான வரிகளைத் தாங்களே வாங்கிக்கொள்வதும், சோழனை நடுவில் வைக்காமல் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொள்வதும் அந்த நூற்றாண்டில் பெருகுகின்றன. வரி ஒரு கையில் சேர்வது தளர்கிற இடம் அது. அதை ஒரே ஆண்டில் நிறுத்த முடியாது. "12ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை, தொண்டை மண்டலத்தில் சற்று முன்னதாகவும் காவிரிப் பகுதியில் பின்னதாகவும்" என்று ஒரு மாணவர் எழுதி, ஏன் இப்படி மங்கலாக விட்டேன் என்றும் சொன்னால் அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். தொண்டை மண்டலத்துக்கு இந்தத் தனிக் கவனம் எப்போதும் தேவை. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த பிறகு, அங்கே பல ஊர்க் கல்வெட்டுகள் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவனின், அதாவது ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின், ஆட்சியாண்டைத்தான் எழுதுகின்றன. 850–1279 என்ற நீளக் கோட்டை அந்த ஊர்களின் மேல் இழுத்தால், அவர்களே எழுதி வைத்ததை அழிக்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். 'சோழர் காலத்தில்' என்று தொடங்கும் கட்டுரைத் தலைப்பின் கீழ் "எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எடுத்துக்கொள்கிறீர்கள், ஏன்" என்று ஒரு வரி சேருங்கள். அதற்கென்று மொத்தத்தில் கால்வாசி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள். திருத்தும்போது மாணவர் தொடக்கத்துக்குச் சொன்ன காரணத்தை ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்துவைத்து, முடிவாண்டுக்கு வரும்போது அதே சொல் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். தன் எல்லைக்கு எதிராக நிற்கும் ஒரு கல்வெட்டையாவது அவர் எடுத்துப் பேசியிருக்கிறாரா என்றும் பாருங்கள். 985க்கு உத்திரமேரூர் போல, 1070க்கு 1086ஆம் ஆண்டு அளவை போல.

அந்த மாணவியின் கட்டுரைக்கு நான் தொடக்கப் பகுதிக்கு மதிப்பெண்ணைச் சேர்த்து, முடிவுப் பகுதிக்குக் குறைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குறைத்ததற்கான காரணத்தை மேலே சொன்னபடியே அரைப் பக்கம் எழுதிச் சேர்த்தேன். முதலில் திருத்தியவர் அதை ஏற்காவிட்டால் எனக்கு எழுதட்டும், கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு பேசத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்